வேலை அனுபவம் இல்லாத ஃப்ரெஷர், சொந்தமா நடத்துன பேஜை வெச்சு கவர் லெட்டர் எழுதுறது எப்படி?

கேள்வி: "பி.காம் முடிச்சுட்டேன், எங்கயும் வேலை பார்த்தது இல்ல, இன்டர்ன்ஷிப்பும் இல்ல. ஈரோடு பஸ் டைமிங் போடுற இன்ஸ்டா பேஜ் ஒண்ணு ஒன்றரை வருஷமா நடத்துறேன், 3,200 ஃபாலோயர்ஸ், ஒரு ரீல் 1.1 லட்சம் வியூஸ் போச்சு. எங்க சித்தியோட ஆரி ஒர்க் கடை பேஜையும் நான்தான் பார்த்துக்குறேன். சென்னைல ஒரு ஏஜென்சில ஜூனியர் சோஷியல் மீடியா எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு அப்ளை பண்ணப்போறேன். இதையெல்லாம் அனுபவம்னு எழுதலாமா? டிராஃப்ட், இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட், கொஞ்சம் குறிப்பு எல்லாம் போட்டிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க."

தாராளமா எழுதலாம். ஏஜென்சில ஜூனியர் ஆட்களை எடுக்குற இடத்துல பல வருஷமா இருக்கேன், சொந்தமா பேஜ் நடத்துன ஃப்ரெஷரை நாங்க யாரும் குறைச்சு நினைக்கிறது இல்ல. மூணு மாச கோர்ஸ் சர்டிஃபிகேட் மட்டும் வெச்சிருக்கவங்களை விட, ஒரு பேஜை ஒன்றரை வருஷம் விடாம ஓட்டுனவங்ககிட்ட இன்டர்வியூல கேக்குறதுக்கு விஷயம் நிறைய இருக்கும். ஆனா உங்க டிராஃப்ட்ல அந்த விஷயம் எதுவும் வரலை. முதல் பாரா முழுக்க சோஷியல் மீடியா மேல இருக்குற ஆர்வம், ரெண்டாவது பாரால ஃபாலோயர் எண்ணிக்கை, மூணாவதுல டீம் பிளேயர், குவிக் லேர்னர். முழுசா படிச்சு முடிச்சப்புறமும் அந்தப் பேஜ்ல உட்கார்ந்து நீங்க என்ன செஞ்சீங்க, எதைப் பார்த்து எதை மாத்துனீங்கன்னு எனக்குத் தெரியலை. அதே நேரம் நீங்க போட்டிருக்குற ஸ்கிரீன்ஷாட்டுலயும் குறிப்புலயும் நல்ல மேட்டர் இருக்கு, அதைத்தான் லெட்டருக்குள்ள கொண்டுவரணும்.

இந்த மெயிலை யார் படிப்பாங்கன்னு தெரிஞ்சா எதை எழுதணும்னு தானா புரிஞ்சிடும். ஹெச்.ஆர் ரெஸ்யூமேவைப் பார்த்து வடிகட்டி அனுப்புவாங்க, அதுக்கப்புறம் படிக்கிறது சோஷியல் மீடியா மேனேஜர், சின்ன ஏஜென்சின்னா ஓனரே படிப்பாரு. அவங்க கையில ஏற்கனவே நாலஞ்சு கிளையண்ட் பேஜ் ஓடிட்டு இருக்கும். ஜூனியர் வந்தா மாசக் கேலண்டர் ஷீட்டை நிரப்பணும், கேப்ஷன் எழுதணும், டிசைனர்கிட்ட கிரியேட்டிவ் வாங்கணும், கிளையண்ட்கிட்ட அப்ரூவல் வாங்கி ஷெட்யூல் போடணும், கமெண்ட்டுக்கும் டி.எம்முக்கும் பதில் சொல்லணும், மாசக் கடைசில ரிப்போர்ட் எடுக்கணும். அதனால அவங்க மனசுல ஓடுற கேள்வி எல்லாம் ரொம்ப சாதாரணமானது. இந்தப் பையன்கிட்டயோ பொண்ணுகிட்டயோ ஒரு கிளையண்ட் பேஜைக் கொடுத்தா தப்பு இல்லாம போஸ்ட் போகுமா, நம்பரைப் பார்த்து அர்த்தம் புரிஞ்சுக்கத் தெரியுமா, ஒருத்தர் கோவமா கமெண்ட் போட்டா என்ன செய்வாங்க, கிளையண்ட் "இது வேண்டாம்"னு சொன்னா எப்படி எடுத்துக்குவாங்க. இந்த நாலுக்கும் உங்ககிட்ட பதில் இருக்கு, நீங்க எழுதலை அவ்வளவுதான்.

முதல்ல டிராஃப்ட்ல இருக்குற அந்த "சராசரி 5,400 வியூஸ்"ங்கிற வரியை எடுத்துடுங்க. கணக்கு தப்பு இல்ல, ஆனா அது உங்க பேஜைப் பத்தி உண்மை சொல்லலை. ஸ்கிரீன்ஷாட்டுல மொத்தம் 24 ரீல் இருக்கு. அதுல 23 ரீல் சுமாரா 900 வியூஸ்தான், ஒண்ணே ஒண்ணு, பஸ் ஸ்டாண்ட்ல மழைத்தண்ணி தேங்கி நின்ன வீடியோ, 1.1 லட்சம். எல்லாத்தையும் கூட்டி 24ஆல வகுத்தா 5,400 வருது, ஆனா 5,400 பக்கத்துல போன ரீல் உங்க பேஜ்ல ஒண்ணு கூட இல்ல. இந்த வேலைல இருக்குறவங்க லிங்க்கைத் திறந்து ரீல்ஸ் டேபைத் தள்ளிப் பார்த்தாலே ஒவ்வொரு கட்டத்துலயும் வியூஸ் தெரியும், அஞ்சு செகண்டுல கண்டுபிடிச்சிடுவாங்க. கண்டுபிடிச்சா ரெண்டு முடிவுக்கு வருவாங்க, ஒண்ணு இவங்களுக்கு சராசரி எப்படி ஏமாத்தும்னு தெரியலை, இல்ல தெரிஞ்சே எழுதியிருக்காங்க. ரெண்டுமே உங்களுக்கு நல்லது இல்ல. "என் ரீல்ஸ் வழக்கமா 900 வியூஸ் போகும், ஒண்ணு மட்டும் 1.1 லட்சம் போச்சு"ன்னு எழுதுங்க. 900ங்கிறது சின்ன நம்பராச்சேன்னு தயங்காதீங்க, ஒரு ஊரோட பஸ் டைமிங்குக்கு மட்டும் இருக்குற பேஜுக்கு அது மோசமும் இல்ல, நாங்க ஜூனியர்கிட்ட லட்சக்கணக்குல எதிர்பார்க்குறதும் இல்ல.

அந்த ஒரு ரீல்தான் உங்ககிட்ட இருக்குற நல்ல கதை, ஆனா நீங்க சொல்ற காரணத்துக்காக இல்ல. இன்சைட்ஸைக் கொஞ்சம் கிட்ட போய்ப் பாருங்க. வியூஸ்னா எத்தனை தடவை ஓடுச்சுங்கிறது, ஒரே ஆள் மூணு தடவை பார்த்தா மூணா எண்ணும். ரீச்னா எத்தனை அக்கவுண்ட்டுக்குப் போச்சுங்கிறது. 2024ல இருந்து இன்ஸ்டாகிராம் வியூஸைத்தான் முன்னாடி காட்டுது, அதனால ஃப்ரெஷர்ஸ் நிறைய பேர் ரெண்டையும் குழப்பிக்குறாங்க. உங்க மழை ரீலோட ரீச் 84,000, சேவ் 340. அதாவது பார்த்த ஆயிரம் பேர்ல நாலு பேர்தான் சேவ் பண்ணியிருக்காங்க. அதே மாசம் நீங்க போட்ட "ஈரோடு டு மேட்டூர் கடைசி பஸ்" கேரோசல் ரீச் வெறும் 2,600, ஆனா சேவ் 210, நூத்துக்கு எட்டு பேர். ரீல் பார்த்தவங்க மழையைப் பார்த்துட்டுப் போயிட்டாங்க, கேரோசல் பார்த்தவங்க தேவைப்படும்போது திரும்ப வரணும்னு எடுத்து வெச்சாங்க. உங்க குறிப்புல இன்னொண்ணும் எழுதியிருக்கீங்க, அந்த ரீலுக்கு அப்புறம் ஆடியன்ஸ் பகுதில டாப் சிட்டில ஈரோட்டைத் தள்ளிட்டு சென்னை முன்னாடி வந்துச்சு, ஆனா அடுத்த போஸ்ட்டுகளுக்கு யாரும் வரலைன்னு. அதுக்கப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க? மழை, கூட்டம், டிராஃபிக்னு அதே மாதிரி ரீல் போட்டு வியூஸ் தேடாம, வாரத்துக்கு ரெண்டு டைமிங் கேரோசல்னு மாத்திக்கிட்டீங்க. ஒரு நம்பரைப் பார்த்தீங்க, அது ஏன்னு யோசிச்சீங்க, அதுக்கு ஏத்த மாதிரி போஸ்ட்டை மாத்துனீங்க. மாச ரிப்போர்ட்ல நாங்க கிளையண்ட்டுக்குச் செய்யுற வேலையே இதுதான். இதை டிராஃப்ட்ல ஒரு வரி கூட எழுதாம 1.1 லட்சத்தை மட்டும் போட்டிருக்கீங்க.

இதுல ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன். கேரோசலுக்கு மாறுனதாலதான் ஃபாலோயர் 3,200 ஆச்சுன்னு எழுதாதீங்க. ஃபாலோயர் எதனால ஏறுனாங்கன்னு பிரிச்சுச் சொல்ல உங்க ஸ்கிரீன்ஷாட்டுல ஆதாரம் இல்ல, மழை ரீல் வந்த வாரத்துலயே ஒரு பெரிய கூட்டம் வந்து சேர்ந்திருக்கு. சேவ் விகிதம் ரெண்டு போஸ்ட்டுக்கும் எவ்வளவுங்கிறதை உறுதியா சொல்லலாம், ஏன்னா அது ஸ்கிரீன்லயே இருக்கு. அதுக்கு மேல போனா "அப்படித்தான் தோணுது"ன்னு சொல்லிட்டுப் போங்க.

பஸ் பேஜ்ல இன்னொரு விஷயத்தையும் நீங்க கவனிக்காம விட்டிருக்கீங்க. கரூர் பஸ் டைமிங் போஸ்ட்ல ஒருத்தர் "இந்த டைம் மாறி மாசமாச்சு, இதை நம்பிப் போய் ஒரு மணி நேரம் நின்னேன்"னு கோவமா கமெண்ட் போட்டிருக்காரு. நீங்க அதை டிலீட் பண்ணலை. பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பர்கிட்ட நேர்ல கேட்டுட்டு வந்து, சரியான நேரத்தைக் கமெண்ட்ல போட்டு பின் பண்ணி, கேப்ஷனையும் திருத்தி, அவருக்குத் தனியா மன்னிப்பும் சொல்லியிருக்கீங்க. அதுல இருந்து ஒவ்வொரு போஸ்ட்லயும் "விசாரித்த தேதி"ன்னு ஒரு வரி வருது. இது பேஜ்ல எல்லாருக்கும் தெரியுற மாதிரி இருக்கு, ஸ்கிரீன்ஷாட் கூடத் தேவை இல்ல. கோவமான கமெண்ட்டை டிலீட் பண்ற ஜூனியரால கிளையண்ட்கிட்ட நாங்க திட்டு வாங்குறது உண்டு, அதனால இந்த ஒரு சம்பவம் எனக்கு ஃபாலோயர் எண்ணிக்கையை விடப் பெருசா தெரியுது. லெட்டர்ல ரெண்டு வாக்கியத்துல சொன்னாப் போதும்.

அடுத்து சித்தி கடை பேஜ். டிராஃப்ட்ல இதை "ஒரு பிரபல பொட்டிக்கின் சோஷியல் மீடியா மேனேஜராகப் பணிபுரிந்தேன்"னு எழுதியிருக்கீங்க. வேண்டாங்க. இன்டர்வியூல "சம்பளம் எவ்வளவு, யாருக்கு ரிப்போர்ட் பண்ணீங்க"ன்னு கேட்டா ரெண்டாவது நிமிஷத்துல உண்மை வந்துடும். "என் சித்தியோட ஆரி ஒர்க் கடை, சம்பளம் இல்லாம நான் பார்த்துக்குறேன்"னு நேரா எழுதுங்க. அதுல குறை ஒண்ணும் இல்ல. சொல்லப்போனா சித்திதான் உங்க முதல் கிளையண்ட், அவங்ககிட்ட நீங்க வாங்குன அப்ரூவல்தான் இந்த லெட்டர்ல உங்களுக்குப் பெரிய பலம்.

உங்க குறிப்புல இருந்ததை வெச்சுச் சொல்றேன். முன்னாடி பேஜ்ல பிளவுஸை டேபிள்ல விரிச்சு வெச்சு எடுத்த போட்டோதான், கீழ எல்லா கமெண்ட்டும் "ரேட்?" "ரேட் ப்ளீஸ்". சித்தி தைச்சுட்டு இருக்கும்போது பதில் சொல்ல முடியாது, சாயங்காலம் சொல்றதுக்குள்ள கேட்டவங்க வேற கடைக்குப் போயிடுவாங்க. நீங்க ரேட்டைக் கேப்ஷன்ல போடலாம்னு சொன்னீங்க, பக்கத்துக் கடைக்காரங்க பார்த்து நூறு ரூபா குறைச்சு வாங்குவாங்கன்னு சித்தி முடியவே முடியாதுன்னுட்டாங்க. கடைசில ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி பிடிச்சீங்க: போஸ்ட்ல ரேட் இல்ல, ஆனா ஸ்டோரி ஹைலைட்ல "சிம்பிள் நெக், ஹெவி நெக், பிரைடல்"னு மூணு வகைக்கும் எவ்வளவுல இருந்து ஆரம்பம், எத்தனை நாள் ஆகும்னு மட்டும் போட்டீங்க, பயோல வாட்ஸ்அப் லிங்க் வெச்சீங்க, வாட்ஸ்அப் பிசினஸ்ல குவிக் ரிப்ளை போட்டு "எந்தத் தேதிக்கு வேணும், டிசைன் போட்டோ இருக்கா, எங்க பார்த்து வந்தீங்க"ன்னு மூணு கேள்வி கேக்க வெச்சீங்க. இதுல கிளையண்ட்டோட பயம் என்னன்னு புரிஞ்சுக்கிட்டது இருக்கு, அவங்க மறுத்ததை மதிச்சது இருக்கு, அதுக்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடிச்சது இருக்கு. பெரிய பிராண்டுல ஆறு மாசம் இன்டர்னா இருந்துட்டு வர்றவங்க பல பேருக்குச் சொல்ல இப்படி ஒண்ணு இருக்காது, ஏன்னா அவங்களைக் கிளையண்ட்கிட்ட பேசவே விட்டிருக்க மாட்டாங்க.

இப்போ ரிசல்ட்டுக்கு வர்றேன், நீங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டிய இடம் இதுதான். "என் ரீல்ஸ் மூலம் ஆர்டர் இரண்டு மடங்கு ஆனது"ன்னு எழுதியிருக்கீங்க. ஜூன்ல 6 ஆர்டர், ஆகஸ்ட்ல 13, நம்பர் சரிதான். ஆனா ஆடி முடிஞ்சு ஆவணி பிறந்தா முகூர்த்தம்னு நம்ம ஊர்ல யாருக்குத் தெரியாது? ஆரி ஒர்க் பிளவுஸுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே கொடுக்கணும்ங்கிறதால ஆடிக் கடைசிலேயே ஆர்டர் குவிய ஆரம்பிச்சிடும், பேஜே இல்லைன்னாலும் ஆகஸ்ட்ல ஏறத்தான் செய்யும். படிக்கிற மேனேஜர் கையில ஒரு பட்டுப்புடவைக் கடையோ நகைக்கடையோ கிளையண்ட்டா இருந்தா, அவங்க வருஷம் முழுக்கப் போடுற கேலண்டரே முகூர்த்த மாசத்தை வெச்சுத்தான், உங்க வரியைப் பார்த்ததும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க.

அதனால சித்தியோட ஆர்டர் நோட்டை எடுங்க. போன வருஷம் ஜூன்லயும் ஆகஸ்ட்லயும் எத்தனை ஆர்டர்னு எண்ணுங்க. போன வருஷமும் 5ல இருந்து 12 ஆகியிருந்தா இந்த வருஷ ஏத்தம் சீசன்தான், பேஜுக்கு அதுல பெருசா பங்கு இல்ல. போன வருஷம் 5ல இருந்து 7 மட்டும் ஆகியிருந்தா பேஜுக்கு ஓரளவு பங்கு இருக்கலாம்னு சொல்லலாம், அப்பவும் இருக்கலாம்னுதான், ஒரு வருஷத்தை வெச்சு அதுக்கு மேல சொல்ல முடியாது. நோட்டு கிடைக்கலைன்னாலும் உங்ககிட்ட ஒரு உறுதியான நம்பர் இருக்கு, குவிக் ரிப்ளைல "எங்க பார்த்து வந்தீங்க"ன்னு கேட்டதுக்கு அந்த 13 பேர்ல 7 பேர் இன்ஸ்டான்னு சொல்லியிருக்காங்க. அது அவங்க வாயாலயே சொன்னது. அந்த 7ஐ எழுதுங்க, டபுளை விட்டுடுங்க. தன் வேலைக்கு எவ்வளவு பங்கு, சீசனுக்கு எவ்வளவு பங்குன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்ச ஃப்ரெஷர் எங்களுக்கு அபூர்வமாத்தான் கிடைப்பாங்க.

இதையெல்லாம் சேர்த்தா லெட்டர் எப்படி வரும்னு எழுதிக் காட்டுறேன். நீங்க அனுப்பப்போறது இங்கிலீஷ்ல, அது தெரியும், ஆனா விஷயத்தை முதல்ல தமிழ்ல சரியா நிக்க வெச்சுட்டு அப்புறம் இங்கிலீஷ்ல உங்க சொந்த வார்த்தைல எழுதுங்க, அப்போதான் நெட்ல கிடைக்குற டெம்ப்ளேட் வாசனை வராது.

"வணக்கம். உங்கள் ஜூனியர் சோஷியல் மீடியா எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். பி.காம் முடித்திருக்கிறேன். நிறுவனத்தில் வேலை பார்த்த அனுபவம் இல்லை. நானே நடத்தும் இரண்டு இன்ஸ்டாகிராம் பேஜ்களில் செய்த வேலையைச் சொல்கிறேன்.

முதலாவது, ஈரோட்டிலிருந்து கிளம்பும் பஸ்களின் நேரம் சொல்லும் பேஜ். ஒன்றரை வருடமாக நடத்துகிறேன், 3,200 ஃபாலோயர்ஸ். என் ரீல்கள் வழக்கமாக 900 வியூஸ் போகும். மழையில் பஸ் ஸ்டாண்ட் எப்படி இருந்தது என்று போட்ட ஒரு ரீல் மட்டும் 1.1 லட்சம் போனது. ஆனால் அதைப் பார்த்தவர்களில் ஆயிரத்துக்கு நான்கு பேர்தான் சேவ் செய்தார்கள். அதே மாதம் போட்ட மேட்டூர் பஸ் நேர கேரோசலை நூற்றுக்கு எட்டு பேர் சேவ் செய்தார்கள். அதன் பிறகு வாரம் இரண்டு நேரப்பட்டியல் கேரோசல் என்று மாற்றிக்கொண்டேன். ஒரு முறை நேரம் தவறாக இருப்பதாக ஒருவர் கோபமாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் விசாரித்து, திருத்தத்தை அதே போஸ்ட்டில் பின் செய்தேன். இப்போது எல்லா போஸ்ட்டிலும் விசாரித்த தேதியைப் போடுகிறேன்.

இரண்டாவது, என் சித்தியின் ஆரி ஒர்க் கடை பேஜ். சம்பளமில்லாமல் செய்கிறேன். எல்லா கமெண்ட்டும் விலை கேட்டே வந்தது. விலையைப் போஸ்ட்டில் போட சித்திக்கு விருப்பமில்லை. அதனால் ஆரம்ப விலையையும் ஆகும் நாட்களையும் ஹைலைட்டில் வைத்து, வாட்ஸ்அப்பில் மூன்று கேள்விகள் கேட்கும்படி செய்தோம். ஆகஸ்டில் வந்த 13 ஆர்டரில் 7 பேர் இன்ஸ்டாகிராம் பார்த்து வந்ததாகச் சொன்னார்கள். அது முகூர்த்த நேரம் என்பதால் மொத்த ஏற்றமும் பேஜால் வந்தது என்று நான் சொல்லவில்லை.

விளம்பரம் ஓட்டியதில்லை. டிசைனரோடு சேர்ந்து வேலை பார்த்ததில்லை. கேன்வாவும் மெட்டா பிசினஸ் சூட்டில் ஷெட்யூல் செய்வதும் தெரியும். இரண்டு பேஜ்களின் லிங்க்கும் இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட்டுகளும் கீழே இருக்கின்றன."

இவ்வளவுதான். இதை மெயில் பாடிலயே போடுங்க, தனியா வேர்ட் ஃபைலா இணைக்காதீங்க, பல பேர் மெயிலை ஃபோன்லதான் படிக்கிறாங்க, ஒரு அட்டாச்மென்ட் திறக்கவே யோசிப்பாங்க, அந்த ஒண்ணு ரெஸ்யூமேவா இருக்கட்டும். இங்கிலீஷ்ல எழுதும்போது 250, 300 வார்த்தைக்குள்ள நிறுத்துங்க. கடைசி பாரால "விளம்பரம் ஓட்டியதில்லை"ன்னு எதுக்கு எழுதணும்னு தோணலாம். சொந்தமா நடத்துற பேஜ்ல சில வேலை பழகவே முடியாது, மூணு பேர் அப்ரூவல் தாண்டி ஒரு போஸ்ட் போறது, ஒரே நாள்ல நாலு பிராண்டுக்கு நாலு குரல்ல எழுதுறது, காசு கட்டி ஆட்ஸ் ஓட்டுறது எல்லாம் அதுல வராது. படிக்கிறவங்களுக்கும் அது தெரியும். நீங்களே எது தெரியாதுன்னு சொல்லிட்டா, தெரியும்னு சொன்னதை அவங்க நம்புவாங்க. ஆனா உங்களுக்கு ஆட்ஸ் ஓட்டுன அனுபவம் சின்னதா இருந்தாலும், 500 ரூபாய்க்கு ஒரு போஸ்ட்டை பூஸ்ட் பண்ணியிருந்தாலும், அதை மாத்தி எழுதிக்கோங்க. நான் எழுதுனது உங்க குறிப்புல இருந்ததை மட்டும் வெச்சு.

லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நல்ல லெட்டர் எழுதிட்டு இங்க கோட்டை விடுறவங்க நிறைய. ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் ஒரே பி.டி.எஃப் ஆக்கி டிரைவ்ல போட்டு, லிங்க் வெச்சிருக்குற யாரும் பார்க்கலாம்னு செட்டிங்கை மாத்துங்க, அப்புறம் உங்க அக்கவுண்ட்ல லாகின் ஆகாத வேற ஒரு ஃபோன்ல திறந்து பாருங்க. திறந்தா பர்மிஷன் கேக்குற பக்கம் வந்தா நாங்க ரிக்வஸ்ட் அனுப்பிட்டுக் காத்திருக்க மாட்டோம், அடுத்த மெயிலுக்குப் போயிடுவோம். ஸ்கிரீன்ஷாட்டுல எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும்ங்கிறது தெரியணும். ஆப்ல அக்கவுண்ட் இன்சைட்ஸ் கடைசி 90 நாள் வரைக்கும்தான் காட்டும், அதனால இந்த மாசத்தோடதை இன்னைக்கே எடுத்து வெச்சிடுங்க. அக்கவுண்ட்டைத் திரும்ப பெர்சனலா மாத்திடாதீங்க, மாத்துனா இன்சைட்ஸ் போயிடும். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் வெச்சா கஸ்டமர் பேர், நம்பர், டிபி எல்லாத்தையும் மறைச்சிடுங்க. இது சின்ன விஷயமா தெரியும், ஆனா மறைக்காம அனுப்புனவங்களை நான் மேல கூப்பிட மாட்டேன், நாளைக்கு என் கிளையண்ட்டோட கஸ்டமர் விவரத்தையும் இப்படித்தானே கையாளுவாங்கன்னு தோணும். அதே மாதிரி மணப்பொண்ணு போட்டுக்கிட்டு நிக்குற பிளவுஸ் போட்டோ எதையாவது பி.டி.எஃப்ல வெக்கிறதா இருந்தா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

சித்தி பேஜ்ல இன்னொண்ணு பார்த்தேன், எல்லா ரீலுக்கும் சினிமாப் பாட்டு. அக்கவுண்ட் கிரியேட்டர்னு இருக்குறதால உங்களுக்குப் பாட்டு வருது. கிளையண்ட் அக்கவுண்ட் எல்லாம் பெரும்பாலும் பிசினஸ் அக்கவுண்ட், அதுல அந்தப் பாட்டு லைப்ரரி முழுசா கிடைக்காது, லைசென்ஸ் இல்லாத பாட்டை வெளில இருந்து சேர்த்தா ரீல் மியூட் ஆகலாம், பாட்டு கம்பெனிகிட்ட இருந்து பிராண்டுக்கு நோட்டீஸும் வரலாம். லெட்டர்ல இதை எழுதத் தேவை இல்ல, ஆனா இன்டர்வியூல "இந்த ரீலை எங்க கிளையண்ட்டுக்குப் போடுவீங்களா"ன்னு கேக்க வாய்ப்பு இருக்கு, பதில் கையில இருக்கட்டும். சித்தி கை ஊசி போடும்போது ஃபிரேம்ல துணி அதிர்ற சத்தத்தையே வெச்சு ரெண்டு ரீல் போட்டுப் பாருங்க, கேட்டா காட்டலாம்.

அந்த ஏஜென்சியோட கிளையண்ட் பேஜைப் பத்தி ஒரு வரி எழுதணுமான்னும் குறிப்புல கேட்டிருந்தீங்க. இதுல என்னால உறுதியா ஒரு பக்கம் சொல்ல முடியாது, இதே வேலைல இருக்குறவங்களுக்குள்ளேயே ரெண்டு கருத்து இருக்கு. சில மேனேஜருக்கு அது பிடிக்கும், வீட்டுப்பாடம் பண்ணியிருக்காங்கன்னு நினைப்பாங்க. சிலருக்கு எரிச்சலா இருக்கும், ஏன்னா அந்தப் போஸ்ட் அப்படி இருக்குறதுக்குக் கிளையண்ட் சொன்ன காரணம் ஒண்ணு இருக்கும், வெளில இருந்து பார்க்குறவங்களுக்கு அது தெரியாது. என் விருப்பம் கேட்டா, நீங்க நிஜமாவே ஒரு மாசமா அந்தப் பேஜைப் பார்த்துட்டு வர்றீங்க, உங்க பஸ் பேஜ்ல கத்துக்கிட்டதோட அது எங்கயாவது ஒத்துப்போகுதுன்னா ஒரு வரி எழுதுங்க, "உங்க டெக்ஸ்டைல் கிளையண்ட் சைஸ் சார்ட்டைக் கேரோசலா போட்டதைச் சேவ் பண்ணி வெச்சிருக்கேன்"ங்கிற அளவுக்கு. இதை இப்படி மாத்தலாம், அதை அப்படி மாத்தலாம்னு யோசனை சொல்றதை டெஸ்ட் டாஸ்க் கொடுக்கும்போது வெச்சுக்கலாம். எழுத ஒண்ணும் இல்லைன்னா விட்டுடுங்க, அது இல்லாததால யாரும் ரிஜெக்ட் ஆகி நான் பார்த்தது இல்ல.

எல்லா ஏஜென்சியும் கவர் லெட்டர் படிக்குமாங்கிறதுக்கும் நேரா சொல்லிடுறேன், படிக்காது. பெரிய இடங்கள்ல ஃபார்ம்தான், ரெஸ்யூமேல இருக்குற வார்த்தையை வெச்சே வடிகட்டுறாங்க. அதனால ரெஸ்யூமேலயும் இந்த ரெண்டு பேஜையும் "ப்ராஜெக்ட்ஸ்"னு போட்டு, ஒவ்வொண்ணுக்கும் கீழ சேவ் விகிதமும் 13ல 7ம் ரெண்டு வரியா வரட்டும். ஃபவுண்டர், சி.இ.ஓ எல்லாம் அங்கயும் வேண்டாம், "சொந்தமாக நடத்தும் பேஜ்"னு போதும். மெயில் சப்ஜெக்ட்ல வேலையோட பேர், உங்க பேர், ஃப்ரெஷர்னு மூணும் இருந்தா அவங்க தேடும்போது கிடைக்கும்.

அனுப்புறதுக்கு முந்தின நாள் பஸ் பேஜ்ல மேல பின் பண்ணியிருக்குற மூணு போஸ்ட்டையும் பாருங்க. இப்போ மழை ரீல்தான் முதல்ல நிக்குது. அதை எடுத்துட்டு மேட்டூர் கேரோசலையும், திருத்தம் போட்ட அந்தக் கரூர் போஸ்ட்டையும் முன்னாடி கொண்டுவாங்க, லெட்டர்ல சொன்னது லிங்க்கைத் திறந்ததும் கண்ணுல படணும். டைமிங் ஏதாவது மாறியிருக்கான்னு இன்னொரு தடவை ஸ்டாண்ட்ல விசாரிச்சு தேதியைப் புதுசாக்கிடுங்க. அனுப்பி பத்து நாள்ல பதில் வரலைன்னா அதே மெயிலுக்கு ரிப்ளையா ரெண்டு வரி போடலாம், ஒரு தடவை போதும். லிங்க்டின்ல தேடிப் பிடிச்சு மேனேஜருக்குத் தனியா மெசேஜ் அனுப்புறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், மத்தவங்க வேற மாதிரி சொல்லலாம். இங்கிலீஷ்ல எழுதி முடிச்சதும் இங்கயே போடுங்க, நம்பர் எங்கயாவது மாறியிருக்கான்னு பார்த்துச் சொல்றேன்.